கட்டுரைப் பகுதித் திட்டம்: ஏப்ரல் முதல் டிசம்பர் வரை

உரிமையாளர், அலுவலக மேலாளர், தள மேற்பார்வையாளர் ஆகியோரின் பார்வைக்கு.

நம் இணையதளம் மூன்று வேலைகளுக்காக நிற்கிறது: மொட்டை மாடி நீர்க்காப்பு, மழைநீர் சேகரிப்பு, சம்ப் கழுவுதல். கட்டுரைப் பகுதி இந்த மூன்று பக்கங்களுக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பெயின்ட் நிறத் தேர்வு, பண்டிகை வாழ்த்து, பொதுவான வீட்டுக் குறிப்புகள் எதுவும் இதில் இடம்பெறாது.

எப்போது எதை வெளியிடுவது

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. நீர்க்காப்புப் பூச்சோ காய்ந்த தளத்தில்தான் பிடிக்கும். ஆனால் பலர் கூடத்தில் வாளி வைத்த பிறகுதான் நம்மை அழைக்கிறார்கள். அப்போது போய்ப் பார்க்கலாம். வேலையைத் தொடங்க முடியாது. ஆகவே மாடி பற்றிய கட்டுரைகள் ஜூலைக்குள் வெளிவந்துவிட வேண்டும். தேடலில் ஒரு பக்கம் மேலேறச் சில வாரங்களாவது பிடிக்கும் என்பதால், அக்டோபரில் எழுதத் தொடங்கினால் மழையே முடிந்துவிடும்.

மாதம் இரண்டு கட்டுரை, முதல் மற்றும் மூன்றாம் செவ்வாய். வாரம் ஒன்று என்று ஆசைப்பட வேண்டாம். தளத்தில் வேலை மும்முரமாக இருக்கும்போது சரிபார்க்க ஆள் கிடைக்காது.

ஏப்ரல், மே: மாடி எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், ஏசி குழாய்க்குப் போட்ட துளை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பீடம் என நான்கு இடங்களையும் படத்துடன் காட்ட வேண்டும். இந்தப் பகுதியின் முதன்மைக் கட்டுரை இதுதான், நீளமாக இருக்கலாம். அடுத்தது, கோடையிலும் சுவர் ஈரமாக இருந்தால் என்ன காரணம் என்பது. பெரும்பாலும் அது மேல்வீட்டுக் குளியலறைக் குழாய். நமக்கு அதில் வேலை இல்லை. அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுவோம். வீண் அலைச்சல் குறையும், சொல்பவர் மீது நம்பிக்கையும் வரும்.

ஜூன், ஜூலை: பூச்சு, தட்டோடு, ஷீட் மூன்றில் எந்த மாடிக்கு எது; தண்ணீர் தேக்கிச் சோதிப்பது எப்படி; ஒப்பந்ததாரரிடம் என்னென்ன கேட்க வேண்டும். நான்காவதாக மழைநீர் சேகரிப்புக் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆண்டு மழை 1,400 மி.மீ. என்று வைத்தால் 1,30,000 லிட்டர்; அதில் ஒரு பங்கு ஆவியாகவும் முதல் மழைக் கழிவாகவும் போகும். இந்தக் கணக்கு விளம்பர வாசகத்தைவிட வலுவானது.

ஆகஸ்ட், செப்டம்பர்: திருவான்மியூர் மணலுக்கும் பெரம்பூர் களிமண்ணுக்கும் ஒரே குழி சரிவராது என்பது பற்றி ஒன்று. 2003 முதல் கட்டாயம் என்பதால் கட்டிவிட்டு மறந்துபோன பழைய குழிகளைத் தூர்வாருவது பற்றி இரண்டு. நான்காவது, மழைக்கு முன் சம்ப் கழுவுதல்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மழை நேரத்துத் தற்காலிக ஏற்பாடு, வெள்ளநீர் புகுந்த சம்ப்பைத் திரும்பப் பயன்படுத்துவது, ஜனவரி வேலைக்கு முன்பதிவு. இந்த மூன்று மாதமும் மாதம் ஒன்று போதும். 2015 வெள்ளப் படங்களைப் போட்டுப் பயமுறுத்த வேண்டாம்.

இணைப்புகள்

```
/terrace-waterproofing/
/rainwater-harvesting/
/sump-cleaning/
/articles/terrace-leak-points/
```

ஒவ்வொரு கட்டுரையும் ஒரே ஒரு சேவைப் பக்கத்துக்கு இணைப்புத் தரும். குளியலறைக் கட்டுரை மட்டும் விதிவிலக்கு. அது கசிவிடக் கட்டுரைக்கு அனுப்பும். வாசகருக்குச் சந்தேகம் தீர்ந்து 'இனி யாரைக் கூப்பிடுவது' என்று தோன்றும் இடத்தில் இணைப்பு வர வேண்டும். முதல் பத்தியில் வேண்டாம். 'இங்கே அழுத்தவும்' என்று எழுதாமல், 'மாடி நீர்க்காப்புக்குச் சதுர அடிக் கட்டணம்' என்பதுபோல, போகும் இடத்தைச் சொல்ல வேண்டும். சேவைப் பக்கத்திலிருந்து திரும்ப இரண்டு கட்டுரைகளுக்கு மட்டும் இணைப்பு. அதற்கு மேல் வைத்தால் அழைக்க வந்தவர் படிக்கப் போய்விடுவார்.

முகவரியில் ஆண்டு எண் போடக் கூடாது. அடுத்த ஏப்ரலில் புதிதாக எழுதாமல் இதே பக்கத்தைத் திருத்துவோம். ஒரே கேள்விக்கு இரண்டு கட்டுரை இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கீழே தள்ளும்.

யார் என்ன செய்வது

மேற்பார்வையாளர் கட்டுரைக்கு இருபது நிமிடம் பேசித் தர வேண்டும். எழுதுவது என் பொறுப்பு. அலுவலகத்தில் அழைப்பை எடுப்பவர் 'எந்தப் பக்கம் பார்த்துவிட்டு அழைக்கிறீர்கள்' என்று கேட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். செப்டம்பர் இறுதியில் அந்தப் பதிவேட்டை வைத்தே மிச்சத் தலைப்புகளை மாற்றுவோம். பார்வை எண்ணிக்கையை இரண்டாவதாகப் பார்ப்போம். முதல் கட்டுரைக்கான நான்கு படங்களும் மார்ச் 25-க்குள் கைக்கு வர வேண்டும். வாடிக்கையாளர் வீட்டு எண்ணும் முகமும் படத்தில் தெரியக் கூடாது.