மூன்று அடுக்கு கேக் ஸ்கெட்ச்: திருத்த வேண்டியவை

தம்பி,

ஸ்கெட்ச் நேற்று ராத்திரியே கிடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் உன் லாவண்டர் எல்லாம் சாம்பலாகத் தெரிந்ததால், காலை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ரோஜாக்கள் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்குவது அழகு. நடு அடுக்கின் இடப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய், அதில் கை வைக்காதே. வாடிக்கையாளர் "இங்கே ஏதாவது போடலாமே" என்று கண்டிப்பாகக் கேட்பார். வேண்டாம் என்று சொல்.

நிறத்துக்கு வருகிறேன். மெரூன் ரோஜா மூன்றும் மேல் அடுக்கில், கீழே ஒரே ஒரு மொட்டு. கேக் தலை கனத்துக் கவிழப்போவது போல இருக்கிறது. இரண்டைக் கீழே இறக்கு, மேலே ஒன்று போதும். அப்புறம், ஸ்கெட்சை போனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். உன் மங்கல் ரோஸும் இலைப் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு இலை இருப்பதே தெரியாது. பச்சையை ஒரு படி அடர்த்தியாக்கு.

கலர் பென்சிலை நம்பி பட்டர்கிரீம் கலக்காதே. வெண்ணெயின் மஞ்சள் சேர்ந்தால் ரோஸ் பீச் பக்கம் போகும். துளி வயலெட் விட்டு அந்த மஞ்சளை அடக்கிவிட்டு ரோஸைச் சேர். மெரூனை முந்தின நாளே கலந்து வை, ராத்திரியில் அது இன்னும் கருக்கும், அதனால் வேண்டியதற்கு இரண்டு படி முன்னாலேயே நிறுத்து. லாவண்டர் வெளிச்சத்தில் வெளுக்கும். ஒரு தடவை ஜன்னலோரம் வைத்த என் கேக் சாயங்காலத்துக்குள் நீலமாகிவிட்டது. பூ முடிந்ததும் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

இப்போது தோரணம். இங்கேதான் எனக்குப் பெரிய சண்டை. கீழ் அடுக்கின் முன்பக்கத்தில் சம அகலத்தில் நான்கு வளைவு வரைந்திருக்கிறாய். 10 அங்குலத்தில் நான்கு என்றால் ஒன்று இரண்டரை அங்குலம். ஆனால் கேக்கின் சுற்றளவு 31.4 அங்குலம். இரண்டரையால் வகுத்தால் பன்னிரண்டரை வளைவு வரும், அந்த அரை வளைவை எங்கே ஒளித்து வைப்பாய்? சுலபமான வழி, விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை வளைவு: கீழே 10, நடுவே 8, மேலே 6. எல்லாமே ஒவ்வொன்றும் 3.14 அங்குலமாக வந்துவிடும், மூன்று அடுக்கும் ஒரே கையால் போட்டது போல இருக்கும்.

அப்படிப் போட்டால் கீழ் அடுக்கில் எதிரே நிற்பவருக்கு ஐந்துதான் தெரியும். நடுவில் இருப்பது மூன்று அங்குலம், பக்கத்தவை இரண்டரை, ஓரத்தில் இருப்பவை ஒரு அங்குலம்கூட இல்லை. அப்படியே குறுக்கி வரை. பேப்பர் தட்டை, கேக் உருண்டை. ஓரத்திலும் முழு வளைவு வரைந்ததால்தான் உன் கேக் பெட்டி மாதிரி இருக்கிறது.

நடு அடுக்கின் வலப் பக்க வலை: அரை அளவு ஸ்கெட்சில் கோடுகள் ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒன்று, அதாவது கேக்கில் மூன்று. 2-ம் நம்பர் நாசில் கோடே சுமார் ஒன்றரை வரும். பட்டர்கிரீமில் அவ்வளவு நெருக்கமாகப் போட்டால் ஒட்டிக் குழைந்துவிடும். ராயல் ஐசிங்கில் போடலாம் என்று யோசிக்காதே, அடியில் பட்டர்கிரீமின் கொழுப்பு ஏறி இளகிவிடும். இடைவெளியை ஆறாக்கு. இல்லையென்றால் வலையை விட்டுவிட்டு, ஒரே கோடு தன்னைத் தொடாமல் நெளிந்துபோகும் கோர்னெல்லி போடு. எனக்கு இதுதான் பிடிக்கும், கை லேசாக நடுங்கினாலும் தெரியாது.

அடிப்பகுதி முத்து வரிசை மூன்று அடுக்கிலும் ஒரே அளவாக இருக்கிறது. கீழே 10, நடுவே 8, மேலே 5-ம் நம்பர் நாசில் எடு.

கடைசியாக, பூ உட்காரும் இடம். 10-க்கும் 8-க்கும் நடுவே படி ஒரு அங்குலம்தான். அதில் இரண்டரை அங்குல ரோஜா பாதிக்கு மேல் வெளியே தொங்குகிறது. படியில் மொட்டும் இலையும் மட்டும் வை. பெரிய பூவைச் சாய்த்து, அதன் முதுகு மேல் அடுக்கின் சுவரில் படும்படி வரை. கம்பியை நேராக கேக்கில் குத்தாதே, பூக்குழாயில் செருகிக் குழாயை இறக்கு. குழாய்களின் இடத்தை ஸ்கெட்சில் சிவப்புப் புள்ளியாகக் குறி. உள்ளே தாங்கும் குச்சிகளின் இடத்தையும் பக்கத்திலேயே குறித்தால் இரண்டும் மோதாது.

நாளைக்கு மறுபடி வரையும்போது, கீழ் அடுக்குச் சுற்றளவுக்கு ஒரு பேப்பர் பட்டை வெட்டி, பத்தாக மடித்து டம்மியில் சுற்றி, நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

அக்கா