படுக்கையறைக் கூரையின் நீர்க்கசிவுச் சேதம்: புகைப்படங்களின் அடிப்படையிலான மதிப்பீடு

இடம்: சென்னை வேளச்சேரியில் உள்ள மூன்று மாடிக் குடியிருப்பின் முதல் மாடி வீடு. வாடகைதாரர் 2024 பிப்ரவரி 4, 18 ஆகிய தேதிகளில் எடுத்த ஆறு படங்களை மட்டும் பார்த்து இது எழுதப்படுகிறது. நேரில் ஆய்வு செய்யப்படவில்லை.

முதல் இரண்டு படங்களில், கூரையின் வடகிழக்கு மூலையில், ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள் தெரிகின்றன. நீர் ஊறிக் காய்ந்து மீண்டும் ஊறும்போதே இத்தகைய வளையங்கள் உண்டாகும் என்பதால், இதை ஒருமுறை சிந்திய நீரின் கறையாகக் கருத இயலாது. பிடித்துக் காட்டிய அளவுநாடாவின்படி கறை ஏறத்தாழ 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உடையது. அன்று அதன் விளிம்பில் பென்சிலால் வரைந்த கோட்டை, பதினான்கு நாள் கழித்து எடுத்த நான்காம் படத்தில் ஈரம் ஒரு பக்கத்தில் 12 செ.மீ. தாண்டியிருக்கிறது. இந்த ஒப்பீடே கசிவு இன்னும் நிற்கவில்லை என்பதற்கு வலுவான சான்று. வாடகைதாரர் கோடு வரைந்து வைத்தது மிக நல்ல காரியம்.

கறை வெளிச்சுவரைத் தொடவில்லை. வாடகைதாரர் தந்த தகவலின்படி இதற்கு நேர் மேலே இரண்டாம் மாடி வீட்டின் குளியலறை இருக்கிறது. எனவே மழைநீரைவிட அக்குளியலறையின் கழிவுநீர்க் குழாய் இணைப்போ, தரையின் நீர்க்காப்புப் பூச்சோ பழுதாகியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படத்தில் பெயின்ட் பொரிந்து உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஐந்தாம் படத்தில், பக்கவாட்டிலிருந்து அடித்த டார்ச் வெளிச்சத்தில், மின்விசிறிக் கொக்கியை அடுத்துப் பூச்சு உப்பி நிழல் விழுவது தெளிவாகத் தெரிகிறது. ஆறாம் படத்தில் ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு துருநிறக் கோடுகள் இணையாக ஓடுகின்றன; அவற்றுள் ஒன்றை ஒட்டி மயிரிழை விரிசலும் உண்டு. தளத்தின் கம்பிகள் இவ்வாறு சீரான இடைவெளியில் அமைவது வழக்கமாதலால், கம்பியில் துரு தொடங்கியிருக்கலாம். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும் என்பதால் இதையே மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். கம்பி எங்கும் வெளியே தெரியவில்லை. விரிசலின் ஆழத்தையும், பூச்சு தளத்திலிருந்து எந்த அளவுக்கு விட்டிருக்கிறது என்பதையும் படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. சுத்தியலால் தட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

உப்பிய பூச்சு அகற்றப்படும் வரை அதன் கீழே கட்டில் போடக் கூடாது. மின்விசிறியின் இணைப்பைத் துண்டித்து, கொக்கியையும் மின்கம்பிகளையும் மின்பணியாளர் சோதிக்கும் வரை அதைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் மேல்வீட்டாரின் ஒப்புதலுடன் கசிவை முதலில் அடைத்து, தளம் உலர்ந்த பின், கட்டுமானப் பொறியாளரைக் கொண்டு கம்பிகளைச் சோதித்துப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். கசிவை அடைக்காமல் பெயின்ட் மட்டும் பூசுவதைப் பழுதுபார்ப்பாக வாடகைதாரர் ஏற்க வேண்டியதில்லை.