மூன்று வாரத் திருப்புதல் திட்டம்: உன் குறிப்பேடுகளிலிருந்து

அன்புள்ள தம்பி,

நீ கொடுத்துவிட்டுப் போன மூன்று இயற்பியல் குறிப்பேடுகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். "எதுவுமே நினைவில் நிற்கவில்லை, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று நீ சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். குறிப்பேடுகள் அப்படிச் சொல்லவில்லை. உன் ஓரக் கேள்விக்குறிகளும் அடித்தல் திருத்தல்களும் கதிர் ஒளியியல், மின்னோட்டவியல், மின்காந்தத் தூண்டல், ஒளிமின் விளைவு ஆகிய நான்கு இடங்களில்தான் குவிந்திருக்கின்றன. நிலைமின்னியல், மாறுதிசை மின்னோட்டம், அணுக்கரு இயற்பியல், குறைக்கடத்திகள் ஆகியவற்றை நீ தெளிவாகவே எழுதியிருக்கிறாய். ஆகவே இந்தத் திட்டம் பாடநூலின் வரிசையில் போகாது. உன் கேள்விக்குறிகளின் வரிசையில் போகும்.

முதல் வாரம் முழுவதும் அந்த நான்கு பாடங்களுக்கு மட்டுமே. கதிர் ஒளியியலுக்கு இரண்டு நாள், மின்னோட்டவியலுக்கு இரண்டு நாள், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு நாள். ஏழாம் நாளைக் காலியாக விட்டிருக்கிறேன், ஏனென்றால் ஏதாவது ஒன்று திட்டமிட்ட நேரத்தில் முடியாமல் இழுக்கும், அப்போது அடுத்த வாரத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அந்த நேரத்தில் முதலில் உன் குறிப்பைப் பத்து நிமிடம் வாசி. பிறகு குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுது. அதன்பின் திறந்து, விடுபட்டதை மட்டும் வேறு நிற மையில் சேர். நீ இதுவரை செய்துவந்தது, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசித் திரும்பத் திரும்ப வாசிப்பது. வாசிக்கும்போது எல்லாம் பழகியதாகத் தோன்றும், ஆனால் பக்கம் கண்முன் இல்லாதபோது அதை நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி அதில் இல்லை. தேர்வறையில் உனக்குத் தேவைப்படுவது அந்தப் பயிற்சிதான்.

இரண்டு இடங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உன் பதற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவது, குவிலென்ஸ் கணக்கு. 20 செ.மீ. குவியத்தொலைவுள்ள லென்ஸிலிருந்து 30 செ.மீ. தொலைவில் பொருள் இருக்கிறது, பிம்பம் எங்கே என்பது வினா. நீ 12 செ.மீ. என்று விடை கண்டு, பக்கத்தில் "விடை தவறு, ஏன்?" என்று எழுதி, அப்படியே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாய். குறிகளை நீ சரியாகத்தான் இட்டிருக்கிறாய்; u = −30, f = +20. ஆனால் லென்ஸுக்கு எழுத வேண்டிய சமன்பாட்டின் இடத்தில் ஆடிக்குரியது வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆடிக்கு 1/v + 1/u = 1/f; லென்ஸுக்கு 1/v − 1/u = 1/f. இரண்டாவதில் இட்டால் 1/v = 1/20 − 1/30 = 1/60, அதாவது v = +60 செ.மீ., உருப்பெருக்கம் v/u = −2. தலைகீழான, இரு மடங்கு பெரிய மெய்ப்பிம்பம். குவிலென்ஸ் முன் வைத்த பொருளின் மெய்ப்பிம்பம் ஒருபோதும் குவியத்தொலைவுக்கு உள்ளே விழாது. எனவே 20 செ.மீ. லென்ஸுக்கு மெய்ப்பிம்பம் 12 செ.மீ.இல் என்று வந்த கணமே சமன்பாட்டைச் சந்தேகித்திருக்கலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நொடி ஆகும். முதல் இரண்டு நாள்களில் நீ செய்யும் ஒவ்வொரு ஒளியியல் கணக்கின் கீழும் "இப்படி நடக்க முடியுமா?" என்ற கேள்விக்கு ஒரு வரி விடை எழுத வேண்டும்.

இரண்டாவது, கிர்க்காஃப் விதிக் கணக்கு. ஒரு கிளையில் −0.2 ஆம்பியர் என்று வந்ததும் முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்திருக்கிறாய். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன்; நீ கண்ட விடை சரி. நாம் தொடக்கத்தில் மின்னோட்டத்தின் திசையை ஒரு ஊகமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். எதிர்க்குறி வந்தால், உண்மையான திசை நாம் வரைந்த அம்புக்கு எதிரானது என்று பொருள், அவ்வளவே. சரியான விடையை அடித்துவிட்டுப் போகும் பழக்கம் தேர்வில் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். ஆகையால் இந்த மூன்று வாரமும் எதையும் அடிக்காதே. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து மேலே செல், முடிந்தபின் திரும்பிப் பார்.

மற்ற இரண்டும் சிறியவை. மின்காந்தத் தூண்டலில் அம்புக்குறியை நீ பலமுறை அழித்து அழித்து வரைந்திருப்பது தாளிலேயே தெரிகிறது. காந்தத்தின் வடமுனை கம்பிச்சுருளை நெருங்கினால், அதை விலக்கும் வகையில் சுருளின் அந்த முகமும் வடமுனையாகும். எனவே காந்தத்தின் பக்கமிருந்து பார்க்கையில் மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடும். முனையை முதலில் தீர்மானித்துவிட்டு அம்பை வரைந்தால் அழிக்க வேண்டியிருக்காது. ஒளிமின் விளைவில், ஒளியின் செறிவைக் கூட்டினாலும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் ஏன் கூடவில்லை என்று கேட்டிருக்கிறாய், நல்ல கேள்வி. செறிவு கூடினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது, ஒவ்வொன்றின் ஆற்றலும் hf தான். ஓர் எலக்ட்ரான் ஒரு ஃபோட்டானை மட்டுமே ஏற்கிறது.

இரண்டாம் வாரத்தில் நன்றாக எழுதியிருக்கும் பாடங்களை எடுப்போம். இவற்றை மறுபடி வாசிக்கவே வேண்டாம். நேராக மூடிய குறிப்பேட்டோடு தொடங்கி, முக்கியமான தருவித்தல்களைப் படத்தோடு எழுதிப் பார்த்தால் போதும். ஆனால் அன்றாடம் முதல் இருபது நிமிடம் முதல் வாரப் பாடங்களுக்கே உரியது. ஒவ்வொன்றையும் படித்த மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை எழுதிப் பார்க்கும்படி அட்டவணை போட்டிருக்கிறேன். கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகிறது என்று ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் தம்மையே சோதித்து எழுதினார். அதனால்தான் முதல் இடைவெளி சிறிதாகவும் அடுத்தவை பெரிதாகவும் உள்ளன. ஏழாம் நாளில் ஏதாவது மறந்துவிட்டால் பயப்படாதே, அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நாள்.

மூன்றாம் வாரத்தில் மூன்று முழு வினாத்தாள்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், தேர்வு நடக்கும் அதே நேரத்தில், கடிகாரத்தை முன்னால் வைத்து. இடைப்பட்ட நாள்களில் திருத்தம் மட்டும். வினாத்தாளைக் கையில் வாங்கியதும் மனம் வெறுமையாகிவிடுகிறது என்றாய். அதற்கு ஒரே வழி, அந்த முதல் பத்து நிமிடத்துக்கு முன்கூட்டியே ஒரு வேலை வைத்திருப்பது: வினாக்களை ஒருமுறை பார்த்து, நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்து, கொடுக்கப்பட்ட அளவுகளை அலகோடும் குறியோடும் எழுது. கை ஓடத் தொடங்கினால் மற்றவை வரும். மூன்று மாதிரித் தேர்விலும் இதையே செய்து பழகு. கடைசி நாளில் புதிதாக எதையும் தொடாதே. வேறு மையில் சேர்த்தவற்றை மட்டும் ஒரே தாளில் தொகுத்து, அதைப் பார்த்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு உறங்கப் போ. இரவு விழித்துப் படிப்பதற்கு இந்தத் திட்டத்தில் இடமே வைக்கவில்லை.

குறிப்பேடுகளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தொடங்க வேண்டிய பக்கங்களில் சிறு தாள் செருகியிருக்கிறேன். நாளைக்கு அந்தக் குவிலென்ஸ் கணக்கையே முதலில் எடு. பொருளை 15 செ.மீ.க்கு நகர்த்தி மறுபடி போட்டு, v-யின் குறி என்ன சொல்கிறது என்பதை ஒரு வரியில் எழுதி, வரும் சனிக்கிழமை கொண்டு வா.

அன்புடன்,
உன் இயற்பியல் ஆசிரியர்