தாரணிக்கும் விக்னேஷுக்கும், உங்க பவியோட ரெண்டு வார்த்தை

எல்லாருக்கும் வணக்கம். என்னை தெரியாதவங்களுக்காக சொல்றேன், நான் பவித்ரா, பொண்ணோட ஃப்ரெண்டு. காலேஜ் சேர்ந்த அன்னைக்கு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல யாருக்கு எந்த ரூம்னு ஒரு லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க, அதுல எங்க ரெண்டு பேர் பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான் கதை. அந்த லிஸ்டை டைப் பண்ணினது யாருன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா இன்னைக்கு இங்க முதல் வரிசையில உக்கார வெச்சிருப்பேன்.

நான் மைக் பிடிக்கறதுக்கு முன்னாடி மூணு பேர் வந்து கண்டிஷன் போட்டாங்க. தாரணி சொன்னா, அழ வெச்சிடாத டி, மேக்கப் கலைஞ்சிடும்னு. அவ தம்பி காதுல வந்து சொன்னான், அக்கா ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிடுங்கன்னு. அவ அம்மா சொன்னாங்க, பாத்து பேசும்மா, பெரியவங்க எல்லாம் இருக்காங்கன்னு. தம்பி, மன்னிச்சிடு பா, இன்னைக்கு அம்மா பேச்சுதான் எடுபடும். ஹாஸ்டல் கதையெல்லாம் ஹாஸ்டல்லயே பத்திரமா இருக்கட்டும்.

தாரணியை பத்தி ஒரு விஷயம் இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். அவ எல்லாரையும் பாத்துக்குவா. எங்க கேங் எங்க டூர் கிளம்பினாலும் அவ பேக்லதான் தலைவலி மாத்திரை இருக்கும், பேண்ட்எய்ட் இருக்கும், குடை இருக்கும், அவளுக்கு ஒரு சார்ஜர் இருக்கும், சார்ஜர் மறந்துட்டு வர்றவங்களுக்காக இன்னொரு சார்ஜர் இருக்கும். மறந்துட்டு வர்ற அந்த ஆள் யாருன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே அவளுக்கு தெரியும், ஆனா ஒரு நாளும் அந்த ஆளை அவ விட்டுக்குடுத்தது இல்ல. (கவலைப்படாத தினேஷ், நானும் பேர் சொல்ல மாட்டேன்.)

ராத்திரி லேட்டா வெளிய போயிட்டு வந்தா, வீடு சேந்ததும் மெசேஜ் போடுன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. சொல்லிட்டு தூங்கிடுவாங்க. இவ தூங்க மாட்டா. மெசேஜ் வரலன்னா போன் வரும், போன் எடுக்கலன்னா அடுத்த போன் நேரா எங்க அம்மாவுக்கு போகும். எங்க அம்மாவும் இவளும் என்ன பேசிக்கறாங்கன்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது, ஆனா என் வீட்டு நியூஸ் பாதி எனக்கு தாரணி மூலமாதான் வருது. அம்மாவுக்கு கண்ணாடி பவர் மாறினது, பக்கத்து வீட்டு குழந்தை நடக்க ஆரம்பிச்சது எல்லாமே இவ சொல்லிதான் தெரியும். அம்மா, நீங்க அங்க உக்காந்து சிரிக்கறது தெரியுது.

அப்புறம் இன்னொரு விஷயம், இது அவளே எல்லார்கிட்டயும் சொல்றதுதான், அதனால சீக்ரெட் எல்லாம் இல்ல. கதை புக் எதை கைல எடுத்தாலும் இவ முதல்ல கடைசி பக்கத்தை படிச்சிடுவா. யார் சாகறாங்க, யார் சேர்றாங்கன்னு தெரிஞ்சாதான் நிம்மதியா முதல் பக்கத்துக்கு வருவா. ஏன் டி இப்படி பண்றேன்னு கேட்டா, முடிவு தெரியாம என்னால ஒருத்தர் மேல பாசம் வெக்க முடியாதுன்னு சொல்லுவா. புக்ல வர்ற ஆளுங்களுக்கே இவ்வளவு யோசிக்கிறாளே, நாளைக்கு நிஜத்துல ஒருத்தர் வந்தா என்ன பண்ணுவான்னு நாங்க எல்லாரும் ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தோம்.

வந்தாரு.

விக்னேஷ், உங்களை முதல் தடவ எங்ககிட்ட அறிமுகப்படுத்தினப்போ நாங்க எல்லாரும் ரெடியா கேள்வியோட வந்தோம்னு உங்களுக்கு தெரியுமோ என்னவோ. யார் எதை கேக்கணும்னு முன்னாடியே பிரிச்சு வெச்சிருந்தோம். நீங்க ஒவ்வொருத்தர் கேள்விக்கும் நிதானமா பதில் சொன்னீங்க, தெரியாததை தெரியாதுன்னு சொன்னீங்க, கடைசியில நீங்க எங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க, தாரணிக்கு கஷ்டம்னா அவ யார்கிட்ட சொல்லுவான்னு. அந்த டேபிள்ல அப்புறம் கொஞ்ச நேரம் யாருமே பேசல, ஏன்னா பதில் எங்க எல்லாருக்கும் தெரியும். அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவா, சொல்லிட்டு நீ சாப்பிட்டியான்னு நம்மள கேப்பா. இத்தனை வருஷமா அவ கூடவே இருக்கற எங்களுக்கு தெரிஞ்சதை நீங்க அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டீங்க, அன்னைக்கு எங்க கேள்வி எல்லாம் அதோட முடிஞ்சு போச்சு.

நான் இன்னைக்கு முக்கியமா சொல்ல வந்தது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். அப்பா, உங்க பர்மிஷனோட சொல்றேன், நேத்தே கேட்டுட்டேன், சரின்னு சொல்லிட்டீங்க.

தாரணி அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு நானும் ஆஸ்பத்திரியில இருந்தேன். தாரணி கைல ஒரு தடிமனான ஃபைல், அதுல ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா அடுக்கி வெச்சிருந்தா. டாக்டர்கிட்ட பேசறது அவ, பில் கவுண்டர்ல நிக்கறது அவ, மருந்து வாங்க ஓடறது அவ, அம்மாவை தைரியமா இருங்கன்னு சொல்றது அவ, தம்பிக்கு போன் பண்ணி பதறாதடான்னு சொல்றதும் அவதான். நான் அந்த ஃபைலை வாங்க கை நீட்டினா, பரவால்ல நானே வெச்சிக்கறேன்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்கு போயிட்டா. அவகிட்ட இருந்து ஒரு பேக் கூட வாங்க முடியாதுங்க, ட்ரை பண்ணி பாத்தவங்க இங்க நிறைய பேர் இருக்காங்க.

அப்போ விக்னேஷ் வந்தாரு. ஆபீஸ்ல இருந்து நேரா வந்தாரு போல, கழுத்துல ஐடி கார்டு அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு எதுவும் கேக்கல, நான் ஏதாவது பண்ணட்டுமான்னும் கேக்கல, அப்படி கேட்டா வேணாம்னுதான் சொல்லுவான்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. அவ பக்கத்துல போய் நின்னு, ஃபைல்ல எந்த பேப்பர் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிக்குடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன், நீ அம்மா பக்கத்துல உக்காருன்னு சொன்னாரு. இவ ஒரு நிமிஷம் அவரையே பாத்தா. அப்புறம் ஃபைலை குடுத்துட்டா.

குடுத்துட்டா! நான் என் கண்ணால பாத்தேன். குடுத்துட்டு போய் அம்மா தோள்ல சாஞ்சு உக்காந்தா, உக்காந்த கொஞ்ச நேரத்துல தூங்கியும் போயிட்டா. விக்னேஷ் அந்த ஃபைலோட கவுண்டர் கவுண்டரா போயிட்டு வந்துட்டு இருந்தாரு, நடு நடுவுல வந்து இவ தூங்கறாளான்னு தூரத்துல இருந்தே பாத்துட்டு போவாரு. டாக்டர் வெளிய வந்து அப்பா நல்லா இருக்காருன்னு சொன்னதும் இவளை எழுப்பினது அம்மாதான், ஆனா எழுந்ததும் இவ தேடினது யாரைன்னு எனக்கு தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அன்னைக்கு வீட்டுக்கு போற வழியில நான் எங்க கேங் குரூப்ல ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். "அப்பா சூப்பரா இருக்காரு. அப்புறம், தாரணி ஃபைலை குடுத்துட்டா." வேற எதுவும் எழுதல, எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. எல்லாரும் ஹார்ட்டா போட்டு தள்ளினாங்க, தினேஷ் மட்டும் கல்யாணம் எப்போன்னு கேட்டான்.

அப்பா, நீங்க இன்னைக்கு இந்த மேடைக்கு பக்கத்துல புது சட்டை போட்டுட்டு வர்றவங்களை எல்லாம் சத்தமா வரவேத்துட்டு நிக்கறதை பாக்கறதே எங்களுக்கு பாதி கல்யாணம்.

விக்னேஷ், இனிமே கொஞ்சம் உங்களுக்கு. நீங்க அமைதியான ஆளு, வீட்டுக்குள்ள இனிமே அந்த அமைதி கொஞ்சம் குறையும், ரெடியா இருங்க. காலைல நீங்க கண்ணு முழிக்கறதுக்குள்ள அன்னைக்கு செய்ய வேண்டிய வேலை எல்லாம் லிஸ்டா உங்க போனுக்கு வந்திருக்கும், அதுல முதல் லைன் தண்ணி குடின்னு இருக்கும், நிஜமாவே குடிங்க, அவ செக் பண்ணுவா. சாவியை எங்க வெச்சேன்னு நீங்க தேடற பழக்கம் இருக்குன்னு உங்க அக்கா சொன்னாங்க, இனிமே நீங்க தேடவே வேணாம், கேட்டா போதும். ஆனா ஒண்ணு, ராத்திரி ஆனா அவகிட்டயும் இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. முதல் தடவ ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. இன்னொரு தடவ கேளுங்க. ரெண்டாவது தடவைக்கு உண்மையான பதில் வரும், அது எனக்கு ஹாஸ்டல்ல லைட் ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் கிடைச்ச பதில், இனிமே உங்களுக்கும் கிடைக்கட்டும், நான் சந்தோஷமா பங்கு போட்டுக்கறேன். முழுசா குடுத்துடுவேன்னு நினைக்காதீங்க, பங்குதான்.

விக்னேஷோட அம்மா அப்பா, உங்களுக்கு ஒரு தேங்க்ஸ். ஒருத்தர் கஷ்டப்படறதை பாத்தா கேட்டுட்டு நிக்காம கூட போய் நிக்கணும்னு ஒரு பிள்ளைக்கு யாரோ சொல்லிக்குடுத்து இருக்கணும், அது நீங்கதான்னு உங்களை பாத்ததும் தெரிஞ்சிடுச்சு.

தாரணி. இப்போ கொஞ்சம் மேல பாரு, கண்ணு கலங்காம இருக்கும், மேக்கப் என் பொறுப்பு. எந்த புக்கையும் கடைசி பக்கம் பாக்காம தொடாத நீ, இந்த ஆளோட கையை மட்டும் எதையும் புரட்டி பாக்காம பிடிச்சிருக்க. உன் கூட இத்தனை வருஷம் இருந்ததுல நீ செஞ்ச தைரியமான வேலை இதுதான்னு நான் நினைக்கிறேன். எல்லாருக்கும் ரெண்டாவது சார்ஜர் தூக்கிட்டு வந்த உனக்கு, இப்போ உன் பேக்கை தூக்க ஒருத்தர் வந்துட்டாரு. குடுத்துடு டி. அப்பப்போ கைய வீசிட்டு நட. நாங்க எல்லாரும் வீடு போய் சேந்து கரெக்டா மெசேஜ் போட்டுடறோம், நீ இன்னைக்கு யாருக்கும் போன் பண்ண வேணாம், முக்கியமா எங்க அம்மாவுக்கு.

ரெண்டு பேரும் சண்டை போடுங்க, அது வரும், ஆனா பேசாம மட்டும் தூங்காதீங்க. நிறைய ஊர் சுத்துங்க. பெரியவங்களை கூட்டிட்டு போங்க, சில சமயம் எங்களையும் கூட்டிட்டு போங்க. உங்க வீட்டுல ஒரு ரூம் எனக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன், விக்னேஷ் தலையாட்டிட்டாரு, எல்லாரும் சாட்சி.

சரி, எல்லாரும் கைல என்ன இருக்கோ அதை தூக்குங்க, ஜூஸோ தண்ணியோ எதா இருந்தாலும் ஓகே. தம்பி, நீயும் தூக்குடா. எங்க தாரணிக்கும், இனிமே எங்களோட விக்னேஷுக்கும், நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு சத்தமா சொல்லுங்க பாப்போம், பின்னாடி வரிசை வரைக்கும் கேக்கணும்!