மாடிப்படி லைட்

கட்டியவன் எந்த ஞானத்தில் வயரை இழுத்தானோ, மூன்று மாடிப் படிக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். அதுவும் கீழ் வீட்டு ஹாலுக்குள், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே. சாயங்காலம் ஆறடித்தால் அதைப் போடுவதும் படுக்கப் போகும்போது அணைப்பதும் அவள் கணவரின் வேலை. சுவிட்சைச் சுற்றிச் சுவரில் அவர் விரல் பட்டுப் பட்டு ஒரு கறுப்பு வட்டமே விழுந்திருந்தது. அவர் போன பிறகு அந்த சுவிட்சை யாரும் நினைக்கவில்லை. அவளும்தான்.

சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி வீடு அடங்கிய வாரம், மூன்றாவது மாடிப் பையன் வந்து கதவைத் தட்டினான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. படியில லைட்டு..."

சொல்லும்போதே முழங்கையைப் பின்னால் கொண்டுபோனான். சட்டைக் கை கிழிந்து, தோல் சிராய்ந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். ஒன்றும் பேசாமல் போய் சுவிட்சைப் போட்டாள்.

அதன் பிறகு மறந்த நாட்களில் மட்டும் தட்டுவான். அவள் போடுவாள், அவன் மேலே போய்விடுவான். ஒரு நாள் தட்டிக்கொண்டே இருந்தும் அவள் வரவில்லை. பாத்ரூம் வாசலில் தலை சுற்றி உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் இருந்தாள். பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. வாங்கிவரச் சொல்ல ஆளில்லை என்பதல்ல, கேட்கப் பிடிக்கவில்லை. தாழ்ப்பாள் போடாததால் பையன் உள்ளே வந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தான், காலி அட்டையை வாங்கிக்கொண்டு ஓடினான், மாத்திரையோடு வந்தான்.

மறுநாளிலிருந்து லைட் எரிந்தாலும் தட்ட ஆரம்பித்தான்.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத்தானே வருகிறான்? அதைச் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு வேறு. "தண்ணி வருதாம்மா?" "கரண்ட் சரியா இருக்கா?" ஒரு நாள் சாக்கே கிடைக்காமல், "கொசு இருக்காம்மா?" என்றான். பாதி நாள் அவள் கதவையே திறக்கமாட்டாள். "இருக்கேன்பா, இருக்கேன்" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள். "சரிம்மா" என்று படியேறும் சத்தம் கேட்கும். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவான், வயசு அப்படி.

பிறகு வீட்டுக்காரர் படி முழுக்க சென்சார் பல்பு மாட்டினார். ஆள் நடந்தால் எரியும், போனால் அணைந்துவிடும். அவள் வீட்டு சுவிட்சுக்கு வேலை போயிற்று. இனி பையனும் வரமாட்டான் என்று நினைத்தாள். அன்றும் தட்டினான்.

இந்த முறை திறந்தாள். "அதான் தானா எரியுதே. இன்னும் எதுக்கு வர்றே?"

அவனிடம் பதில் இல்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றான். "பழகிடுச்சும்மா" என்றான் கடைசியில்.

"நல்லா பழகினே" என்று கதவைச் சாத்தினாள். ஆனால் மறுநாள் ஆறரைக்குத் தலை வாரி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிவி சத்தத்தையும் குறைத்து வைத்திருந்தாள். யாரும் கேட்டால் சீரியல் போரடித்தது என்று சொல்லியிருப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஏழாயிற்று, எட்டாயிற்று, தட்டல் இல்லை. படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் போய்ப் பார்த்தாள். இரண்டாவது மாடிக்காரர் போனார், யாரோ பார்சல் கொண்டுவந்தார்கள். அவனுக்கு போன் போட நம்பர் இல்லை. மேலே ஏற முட்டி இடம் கொடுக்காது. மாத்திரை போடும் நேரமும் தாண்டியது.

பத்து மணிக்குத் தொப்பலாக நனைந்து வந்தான். தட்டுவதற்குள் கதவு திறந்தது.

"மணி என்ன இப்போ?"

"பஸ் ரிப்பேர்ம்மா. வழியிலேயே இறக்கி விட்டுட்டான். நடந்து..."

"ஒரு போன் பண்ணத் தெரியாது? இங்க ஒருத்தி உட்கார்ந்திருக்காளேன்னு நினைப்பு வேணாம்?" கேட்ட பிறகுதான் குரல் இவ்வளவு உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. துண்டை எடுத்து அவன் மேல் எறிந்தாள். "முதல்ல தலையத் துடை. நம்பர் சொல்றேன், எழுதிக்கோ."

"சார் நம்பர் இருக்கும்மா."

"அந்த போன்தான் இப்போ என்கிட்ட இருக்கு. காட்டு."

நீட்டினான். 'கீழ் வீட்டு சார்' என்று இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"மாத்து."

"என்னன்னு போடட்டும்?" தயங்கினான். "உங்க பேரு தெரியாதும்மா."

"வாசுகி."

அவன் தட்டச்சு செய்தான். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. சட்டையில் துடைத்தால் சட்டை அதைவிட ஈரம். துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினான்.

"இப்ப ஒரு தடவை அடிச்சுப் பாரு" என்றாள். உள்ளே எங்கோ தலையணைக்கடியில் போன் மணியடித்தது. "கட் பண்ணிடாதே. நான் எழுந்து போய் எடுக்க நேரமாகும். எடுக்கிற வரைக்கும் அடிக்கணும், புரியுதா?"