வாப்பாவின் மறைவுக்கு அனுதாபக் கடிதம்

உப்புவெளி,
திருகோணமலை.
18.06.2025

அன்புக்குரிய நண்பர் நஸீர் அவர்களுக்கு,

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

திங்கட்கிழமை சுபஹ் தொழுகைக்குப் பின் வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று சுகுமார் தொலைபேசியில் சொன்னபோது, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. ஹஜ் பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பிவிட்டு, "கால் எப்படி மகன், நடக்கத் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டவர் அவர். இன்னும் காலில் பிளாஸ்டர் இருப்பதால், லுஹருக்குப் பின் நல்லடக்கம் என்று அறிந்தும் கிண்ணியாவுக்கு வர முடியாமல் போனது. உங்கள் வழக்கத்தில் ஜனாஸாவைத் தாமதிக்க மாட்டீர்கள். எனக்காக யாரும் காத்திருக்கவும் கூடாது. ஆனாலும் மையவாடிவரை கூட நடக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற குறை மனதில் இருக்கிறது. அலுவலகத்தார் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, தொழுகை முடிந்ததும் கூடவே சென்று, ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டதாகச் சுகுமார் சொன்னார். என் பங்குக்கும் அவர்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கடைசிப் பாதைப் படகைத் தவறவிட்டால் அந்தக் கரையிலேயே இரவு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் உங்கள் வீட்டில் தங்க நேர்ந்தது. நான் வாய் திறக்கும் முன்பே வாப்பா உம்மாவிடம், "தம்பி வெள்ளிக்கிழமை மரக்கறிதான் சாப்பிடுவார்" என்றார். எழுந்து கடைக்குப் போய் ஒரு புதுச் சட்டி வாங்கி வந்தார். இறைச்சி சமைத்த சட்டியில் எனக்குக் கறி வைக்கக் கூடாதாம். பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் அந்தச் சட்டியில்தான் வெந்தன. அதற்குப் பிறகு நான் எப்போது வந்தாலும் அடுப்படித் தட்டில் அது கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். உம்மா அதை "இரவியின் சட்டி" என்றே சொல்வார். என் அப்பா இறந்தபோது அந்தியேட்டி முடியும்வரை என்னைப் பார்க்க வரும் போதெல்லாம், இனிப்புப் பண்டம் எதுவும் கொண்டு வராமல் பழம் மட்டும் கொண்டு வந்தவரும் வாப்பாதான். யாரிடம் கேட்டு அறிந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் எங்கள் முறைகளை இவ்வளவு பார்த்து நடந்த பிறகு, உங்கள் வீட்டுத் துக்கத்தில் நாங்கள் எங்கள் முறைப்படி நடந்துகொள்வது அழகல்ல. அலுவலக வாசலில் வாப்பாவின் படத்துடன் கண்ணீர் அஞ்சலி ஒட்டவும் மலர்வளையம் கொண்டுபோகவும் இளையவர்கள் முன்வந்தார்கள். அன்பினால்தான். படமும் வேண்டாம், வளையமும் வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். பெயரும் அடக்க நேரமும் மட்டும் வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினார்கள். நலன்புரிச் சங்கத்தின் மரண உதவிப் பணம் சுகுமாரிடம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு எடுப்பதா, வாப்பாவின் பேரில் ஸதக்காவாகக் கொடுப்பதா என்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். மதரஸாப் பிள்ளைகளுக்குக் குடிநீர்க் கிணறு கட்ட வேண்டும் என்று வாப்பா அடிக்கடி சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் இதைக் குறிப்பிடுகிறேன், வற்புறுத்தலாக எண்ண வேண்டாம்.

உம்மா இத்தாவில் இருக்கிறார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை ஆண்கள் நாங்கள் அவர்களைக் காண வருவது முறையல்ல. என் மனைவி வசந்தி சனிக்கிழமை பின்நேரம் வருவாள். முன்விறாந்தையில் உங்களோடு சற்று இருந்துவிட்டுப் போக, பிளாஸ்டர் வெட்டியதும் நானும் வருவேன். வருகிறவர்களுக்குத் தேநீர் போடும் வேலையை உம்மாவும் தங்கைமாரும் இழுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். வசந்தி சோறும் கறியும் கொண்டு வருகிறாள், எல்லாம் மரக்கறிதான். எங்கள் வீட்டு இறைச்சி உங்களுக்கு ஆகாது என்பதால் அப்படி. புதுச் சட்டியும் வாங்கிவிட்டாள்.

விடுமுறை பற்றி யோசிக்க வேண்டாம். உங்கள் விண்ணப்பத்தைச் சுகுமார் நிரப்பி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டார், கையொப்பம் நீங்கள் வந்த பின் வைத்தால் போதும். மாத இறுதிக் கணக்கை நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். வவுச்சர் கட்டு மட்டும் உங்கள் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கிறதாம். சாவியை வசந்தியிடம் கொடுத்துவிடுங்கள்.

அல்லாஹ் வாப்பாவின் பாவங்களைப் பொறுத்து, கபுறை விசாலமாக்கி, ஜன்னத்துல் பிர்தௌஸை அவருக்குக் கொடுப்பானாக. உங்களுக்கும் உம்மாவுக்கும் தங்கைமாருக்கும் ஸபூரைத் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் துயரில் பங்குகொள்ளும்,
இரவீந்திரன்