சப்நெட் மாஸ்க்: விளக்கமும் ஆறு தாலுகா கணக்கும்

192.168.40.117 என்ற முகவரியை மட்டும் கொடுத்து, "இது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 643101 என்ற பின்கோடைப் பார்த்ததும் 643 என்றால் நீலகிரிப் பக்கம், மீதி குன்னூர் என்று பிரித்துவிடலாம். எந்த ஊர் பின்கோடானாலும் பிரிக்கும் இடம் ஒன்றுதான். ஐபி முகவரியில் அந்தக் கோடு நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் நகரும். கோடு எங்கே விழுகிறது என்று சொல்வதே சப்நெட் மாஸ்க்கின் வேலை.

ஐபிவி4 முகவரிக்கு 32 பிட். நாம் படிக்க வசதியாக அதை எட்டு எட்டாக வெட்டி, நடுவே புள்ளி வைத்து எழுதுகிறோம். ஒவ்வொரு எட்டும் ஓர் ஆக்டெட். புள்ளி கண்ணுக்காக வைத்தது, கணினிக்கு அது கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டால் பிறகு வரும் குழப்பத்தில் பாதி வராது. மாஸ்க்கும் அதே 32 பிட்தான். இடப்பக்கமிருந்து தொடர்ச்சியாக 1, அதன் பிறகு தொடர்ச்சியாக 0. 1 இருக்கும் பிட்டுகள் நெட்வொர்க்கைக் குறிக்கும், 0 இருக்கும் பிட்டுகள் அந்த நெட்வொர்க்கில் உள்ள தனிக் கணினியை, அதாவது ஹோஸ்ட்டைக் குறிக்கும். /24 என்றால் 24 ஒன்றுகள், அதாவது 255.255.255.0.

ஒன்றுகளுக்கு நடுவே பூஜ்யம் வரக்கூடாது என்பதால் ஓர் ஆக்டெட்டில் வரக்கூடிய மாஸ்க் எண்கள் ஒன்பதுதான்: 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255. விடையில் 255.255.255.160 என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 160 என்பது 10100000. ஒன்றுக்குப் பிறகு பூஜ்யம், மறுபடியும் ஒன்று. அப்படி ஒரு மாஸ்க் செல்லாது. இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதிவிட்டு இடமிருந்து கூட்டிக்கொண்டே போவது நல்லது. மறந்துபோனாலும் தேர்வு அறையில் அரை நிமிடத்தில் திரும்பக் கிடைத்துவிடும்.

கணினி மாஸ்க்கை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒரு பாக்கெட்டை அனுப்பும் முன் கணினி தன் முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாக ஆண்ட் செய்கிறது. இரண்டும் 1 என்றால் 1, இல்லாவிட்டால் 0. கிடைப்பது தன் நெட்வொர்க் முகவரி. சேரவேண்டிய முகவரியையும் *தன்* மாஸ்க்காலேயே ஆண்ட் செய்கிறது. இரண்டு விடையும் ஒன்றானால் எதிராளி இதே கேபிளில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் ஏஆர்பி வழியாக நேராகத் தேடும். வேறானால் பாக்கெட்டை, மற்ற நெட்வொர்க்குகளுக்கு வழிவிடும் ரவுட்டரான கேட்வேயிடம் கொடுத்துவிடும். எதிராளியின் மாஸ்க் என்ன என்று அதற்குத் தெரியாது, அது கேட்பதும் இல்லை.

வினா (10 மதிப்பெண்)

தேயிலைக் கொள்முதல் நிறுவனம் ஒன்றுக்கு நீலகிரியின் ஆறு தாலுகாக்களிலும் அலுவலகம் உண்டு: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 25 சாதனங்கள். 192.168.40.0/24 என்ற நெட்வொர்க்கைச் சம அளவு சப்நெட்டுகளாகப் பிரித்து, மேலே சொன்ன வரிசையில் முதல் சப்நெட்டிலிருந்து ஒதுக்குக. (அ) புதிய மாஸ்க் என்ன? (ஆ) ஒவ்வொரு சப்நெட்டின் நெட்வொர்க் முகவரி, ஹோஸ்ட் வரம்பு, பிராட்காஸ்ட் முகவரி ஆகியவற்றைத் தருக. (இ) 192.168.40.117 எந்த அலுவலகத்துக்குரியது? (ஈ) கூடலூர்க் கணினி ஒன்றில் 192.168.40.140 என்ற முகவரியோடு மாஸ்க் 255.255.255.0 என்று தவறாகப் பதியப்பட்டது. விளைவு என்ன?

விடை

(அ) ஆறு சப்நெட் வேண்டும். ஹோஸ்ட் பகுதியிலிருந்து பிட்டுகளைக் கடன் வாங்கினால் கிடைப்பது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். சரியாக ஆறு என்ற பேச்சே இல்லை. 2 பிட் எடுத்தால் 4, போதாது. 3 பிட் எடுத்தால் 8, ஆறு போக இரண்டு மிச்சம். ஆகவே 3 பிட்.

```
24 + 3 = /27
11111111.11111111.11111111.11100000
128 + 64 + 32 = 224  →  255.255.255.224
மீதி ஹோஸ்ட் பிட் = 32 - 27 = 5
2^5 - 2 = 30 ஹோஸ்ட்
```

30 என்பது 25-ஐவிடப் பெரியது, எனவே சரி. இந்த ஒப்பீட்டை விடைத்தாளில் எழுதுங்கள். சப்நெட் எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது, ஹோஸ்ட் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். பாதுகாப்புக்கு ஒரு பிட் கூடுதலாக இருக்கட்டும் என்று 4 பிட் எடுத்திருந்தால் 16 சப்நெட் கிடைத்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் 14 ஹோஸ்ட்தான், கணக்கு அங்கேயே விழுந்துவிடும். கழிக்கும் அந்த 2 எதற்கு என்றால், ஹோஸ்ட் பிட் அனைத்தும் 0 ஆக இருப்பது நெட்வொர்க் முகவரி, அனைத்தும் 1 ஆக இருப்பது சப்நெட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட். இரண்டையும் கணினிக்குக் கொடுக்க முடியாது. நடைமுறையில் ரவுட்டருக்கும் ஒரு முகவரி போகும் என்பதால் மற்ற சாதனங்களுக்கு 29 மீதி.

(ஆ) தாவல் அளவு 256 − 224 = 32. பூஜ்யத்தில் தொடங்கி 32 32 ஆகக் கூட்டிப் போனால் நெட்வொர்க் முகவரிகள் வரிசையாக வரும். அடுத்த நெட்வொர்க்குக்கு ஒன்று குறைவானது பிராட்காஸ்ட். முதல் மூன்று ஆக்டெட் எல்லாவற்றுக்கும் 192.168.40 என்பதால் கடைசி ஆக்டெட் மட்டும் கீழே.

| அலுவலகம் | நெட்வொர்க் | ஹோஸ்ட் வரம்பு | பிராட்காஸ்ட் |
|---|---|---|---|
| உதகை | .0 | .1 – .30 | .31 |
| குன்னூர் | .32 | .33 – .62 | .63 |
| கோத்தகிரி | .64 | .65 – .94 | .95 |
| குந்தா | .96 | .97 – .126 | .127 |
| கூடலூர் | .128 | .129 – .158 | .159 |
| பந்தலூர் | .160 | .161 – .190 | .191 |
| மிச்சம் | .192 | .193 – .222 | .223 |
| மிச்சம் | .224 | .225 – .254 | .255 |

மிச்சமான இரண்டையும் அட்டவணையில் விடாமல் எழுதுங்கள். கடைசி பிராட்காஸ்ட் .255-இல் வந்து முடிந்தால் கூட்டலில் பிழை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

உதகைக்கு .0-ஐக் கொடுக்கலாமா என்ற சந்தேகம் பழைய குறிப்புகளைப் படித்தவர்களுக்கு வரும். 1985-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 950, சப்நெட் பிட் எல்லாம் 0 ஆகவோ எல்லாம் 1 ஆகவோ இருப்பவற்றை ஒதுக்கி வைத்தது. அதனால்தான் சப்நெட் எண்ணிக்கையிலும் 2-ஐக் கழிக்கும் வழக்கம் வந்தது. 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1878 அந்த வழக்கம் காலாவதியானது என்று சொல்லிவிட்டது. இன்றைய கருவிகள் இரண்டையும் தயக்கமின்றி ஏற்கின்றன. இந்தக் கணக்கில் 8 − 2 = 6 என்று கழித்தாலும் எண்ணிக்கை பொருந்திவிடும் என்பது கவனிக்க வேண்டிய ஆபத்து. அப்படிச் செய்தவர் உதகையை .32-இல் தொடங்குவார், ஆறு வரிசையும் ஒரு படி தள்ளிப்போகும். வினா "முதல் சப்நெட்டிலிருந்து" என்று சொல்வதால் .0-தான் சரி. கழிக்கும் 2 ஹோஸ்ட்டுக்கு மட்டுமே உரியது.

(இ) ஆண்ட் செய்து காட்டினால் முழு மதிப்பெண்.

```
117 = 01110101
224 = 11100000
ஆண்ட் = 01100000 = 96
```

நெட்வொர்க் 192.168.40.96, எனவே குந்தா. 117 − 96 = 21, அந்த சப்நெட்டின் 21-ஆவது ஹோஸ்ட்.

(ஈ) அந்தக் கணினி /24 என்று நம்புவதால் 192.168.40 என்று தொடங்கும் எல்லாமே தன் கேபிளில் இருப்பதாக நினைக்கும். கூடலூர்ப் பிரிண்டர் வேலை செய்யும், ஏனென்றால் அது உண்மையிலேயே பக்கத்தில் இருக்கிறது. இணையமும் வரும், வெளி முகவரிகள் எந்த மாஸ்க்கில் பார்த்தாலும் வேறு நெட்வொர்க்தான், அவை ஒழுங்காக கேட்வேக்குப் போய்விடும். குன்னூரில் உள்ள .40 சர்வரைத் தேடும்போதுதான் சிக்கல். கேட்வேயிடம் கொடுக்காமல் கூடலூர்க் கேபிளிலேயே ஏஆர்பி பிராட்காஸ்ட் போடும். ரவுட்டர் பிராட்காஸ்ட்டை அடுத்த பக்கத்துக்குக் கடத்தாது. பதில் வராது. விண்டோஸில் பிங் செய்தால் தன் சொந்த முகவரியிலிருந்தே `Reply from 192.168.40.140: Destination host unreachable` என்று வருவது இதன் அடையாளம்.

"நெட் வருகிறது, மற்ற கிளைகள் மட்டும் கிடைக்கவில்லை" என்று யாராவது சொன்னால் கேபிளையோ சர்வரையோ தொடும் முன் மாஸ்க்கைப் பாருங்கள். விண்டோஸில் `ipconfig`, லினக்ஸில் `ip addr`. ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி இயங்கிக்கொண்டிருந்தால் ரவுட்டரே குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிடும், தவறு வெளியே தெரியாமல் மறைந்து கிடக்கும். ரவுட்டரை மாற்றும் நாளில்தான் அது வெடிக்கும்.

இதே ஆறு அலுவலகங்களுக்கு 172.20.64.0/20 கொடுத்துக் கேட்டால் பலர் தடுமாறுவது ஆக்டெட் எல்லையில். முறை மாறவில்லை: 20 + 3 = /23, மாஸ்க் 255.255.254.0, ஒவ்வொன்றிலும் 2^9 − 2 = 510 ஹோஸ்ட். தாவல் 256 − 254 = 2, ஆனால் அது மூன்றாவது ஆக்டெட்டில். 64.0, 66.0, 68.0 என்று 78.0 வரை எட்டு. இரண்டாவது சப்நெட் 172.20.66.0-இல் தொடங்கி 172.20.67.255-இல் முடிகிறது. ஆகவே நடுவில் வரும் 172.20.66.255-உம் 172.20.67.0-உம் சாதாரண ஹோஸ்ட் முகவரிகள். 0-இல் முடிந்தால் நெட்வொர்க், 255-இல் முடிந்தால் பிராட்காஸ்ட் என்று பழகியவர்கள் இவ்விரண்டையும் அடித்துவிட்டு 508 என்று எழுதுவார்கள். ஒன்பது ஹோஸ்ட் பிட்டும் சேர்ந்து 0 ஆகவோ 1 ஆகவோ இருந்தால்தான் அந்த முகவரி விலக்கு.

குன்னூருக்கு மட்டும் 40 சாதனங்கள் என்றால் சமப் பிரிப்பு கைகொடுக்காது. 40-க்கு /26 வேண்டும், /24-இல் /26 நான்குதான் அடங்கும், அலுவலகமோ ஆறு. அங்கே மாறும் நீள மாஸ்க் தேவை. பெரிய சப்நெட்டை முதலில் வெட்டுவது அதன் விதி: குன்னூருக்கு .0/26, மற்ற ஐந்துக்கும் .64-இலிருந்து /27.

வீட்டில் பயிற்சி செய்த விடையைச் சரிபார்க்க பைத்தான் போதும். முதலில் கையால் போட்டுவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

```python
import ipaddress
n = ipaddress.ip_network("192.168.40.0/24")
for s in n.subnets(new_prefix=27):
    print(s, s[1], s[-2], s.broadcast_address)
```

முதல் வரி `192.168.40.0/27 192.168.40.1 192.168.40.30 192.168.40.31` என்று வரவேண்டும். அடுத்து 10.8.0.0/16-ஐ 12 சம சப்நெட்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். விடை /20, மாஸ்க் 255.255.240.0, தாவல் மூன்றாவது ஆக்டெட்டில் 16, ஒவ்வொன்றிலும் 4094 ஹோஸ்ட், மிச்சம் நான்கு சப்நெட்.